துலாக்கோலின் பின்னே நடந்த வாள்

(“குடியேற்ற ஆதிக்கத்தின் விரிவை உருவாக்கியதில் படையெடுப்பினும் வர்த்தகமே பெரும்பங்கு வகித்தது” என்னும் பொருளில் வரலாற்று வகுப்பில் நிகழ்ந்த விவாதத்தில், அப்பொருளை ஆதரித்து ஆற்றப்பெற்ற உரை.)



எனக்கு முன்னர்ப் பேசிய நண்பர் பிளாசிப் போர்க்களத்தை நம் கண்முன்னே கொணர்ந்து நிறுத்தினார். பீரங்கியின் முழக்கத்தையும், மழையில் நனைந்து பயனற்றுப்போன வெடிமருந்தையும், சிராஜ் உத் தௌலா களத்தைவிட்டு ஓடியதையும் சுவைபட எடுத்துரைத்தார். அவர் கூறியவற்றிற் பெரும்பாலானவை உண்மையே. ஆயினும், 1757ஆம் ஆண்டு யூன் 23ஆம் நாள் காலையிலே கதையைத் தொடங்கி அன்று மாலையிலேயே முடித்துவிட்டமைதான் அவர் செய்த பிழை. ஒரு கடையின் கதவு திறக்கப்பட்டதை மட்டும் கண்டவன், கதவைத் திறந்தவனே கடையைக் கட்டினான் என்று எண்ணிவிடலாகாது.

விவாதப் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வோம். குடியேற்ற ஆதிக்கத்திலே துப்பாக்கிக்கு இடமில்லை என்று நாம் வாதிடவில்லை. எது அதிக இரத்தம் சிந்தியது என்பதும் இன்றைய வினா அன்று. ஆதிக்கம் எத்திசையில், எப்பொழுது, எவ்வளவு தூரம் விரிய வேண்டும் என்பதை முடிவுசெய்தது எது என்பதே வினா. மெக்சிக்கோவிலும் பெருவிலும் ஸ்பானியர் செய்தவற்றை எதிரணியினர் எடுத்துக்காட்டுவராயின், அங்கே வாள் முன்னே சென்றது என்பதை ஒத்துக்கொள்வதில் எமக்குத் தடையில்லை. ஆனால், ஆசியாவிலே எழுந்த மிகப் பெரிய குடியேற்றப் பேரரசின் தொட்டில் வங்காளம். அதனை எதிரணியினரே தம் சான்றாகத் தேர்ந்தெடுத்தனர். ஆகவே அந்த வங்காளத்திலேயே இவ்வழக்கைத் தீர்த்துக்கொள்வோம்.

படைவலிமையே காரணம் என்னும் கொள்கையைச் சோதிப்பதற்கு வரலாறே நமக்கு ஒரு வாய்ப்பினை அளித்திருக்கின்றது. பிளாசிக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னர், 1686இல், கிழக்கிந்தியக் கம்பனி மொகலாயப் பேரரசின்மீது போர் தொடுத்தது. கம்பனியின் தலைமையைத் தன் கையில் வைத்திருந்த சேர் யோசையா சைல்ட் என்பவர், இனிமேல் வெறும் வணிகராக இருந்து பயனில்லை, வாள்முனையிலே உரிமைகளைப் பெறவேண்டும் என்று துணிந்து இங்கிலாந்திலிருந்து கப்பல்களையும் படைவீரரையும் அனுப்பினார். முடிவு என்ன? கம்பனியார் வங்காளத்தை விட்டு ஓட நேர்ந்தது. மேற்குக் கரையிலே பம்பாய் முற்றுகைக்குள்ளாயிற்று. இறுதியில், 1690இல், ஒளரங்கசீப்பிடம் மன்னிப்பு வேண்டி, ஒன்றரை இலட்சம் ரூபா தண்டமும் செலுத்தியே அவர்கள் மீண்டும் வர்த்தகம் செய்யும் அனுமதியைப் பெற்றனர். தூய படையெடுப்பு என்று எதனைச் சொல்கின்றோமோ அதனைக் கம்பனி ஒருமுறை செய்துபார்த்து, தோற்று, தலைவணங்கித் திரும்பியது. அதே ஆண்டில், ஹூக்ளி நதிக்கரையிலே சுதானுதி என்னும் கிராமத்தில் அது ஒரு பண்டகசாலையை அமைத்துக்கொண்டது. பின்னர் கல்கத்தா என்னும் மாநகராக வளர்ந்தது அதுவே. தண்டம் செலுத்திவிட்டு வந்தவனின் பண்டகசாலை, படைகொண்டு வந்தவனின் கப்பல்களைவிட அதிகம் சாதித்தது.

“1690க்கும் 1757க்கும் இடையிலே மொகலாயப் பேரரசு தளர்ந்துவிட்டது, ஆகவேதான் அன்று தோற்ற படை பின்னர் வென்றது” என்று எதிரணி நண்பர்கள் விடையிறுப்பர். தளர்ந்தது உண்மை. ஆனால், தளர்ந்த வீட்டினுள் நுழைய முயன்றவர்கள் ஆங்கிலேயர் மட்டும் அல்லர். 1742 தொடக்கம் 1751 வரை மராட்டியக் குதிரைப்படைகள் வங்காளத்தின்மீது மீண்டும் மீண்டும் பாய்ந்தன. கல்கத்தாவின் ஆங்கிலேயர் அப்பொழுது தம்மைக் காத்துக்கொள்ள அகழி வெட்டிக்கொண்டிருந்தனர். படைவலிமை மட்டுமே போதுமானதாயின் வங்காளம் மராட்டியர்க்கே உரியதாகியிருக்கவேண்டும். ஆனால், அவர்கள் பெற்றதோ ஒரிசாவும், ஆண்டுதோறும் 12 இலட்சம் ரூபா சௌத் வரியுமே. வங்காளத்தின் அரசை அவர்களாற் கைக்கொள்ள முடியவில்லை. பெருஞ்சேனையாற் புக முடியாத அவ்வரண்மனைக்குள், சில ஆயிரம் பேரைக் கொண்ட ஒரு வணிகக் கம்பனி எவ்வாறு புகுந்தது? மராட்டியரிடம் இல்லாத எது ஆங்கிலேயரிடம் இருந்தது?

அவர்களிடம் இருந்தது வெள்ளி. வங்காளத்தின் பருத்தித் துணியையும் பட்டையும் ஐரோப்பா விரும்பிய அளவுக்கு, ஐரோப்பியப் பண்டங்களை வங்காளம் விரும்பவில்லை. எனவே கம்பனி தன் கொள்முதலின் பெரும்பகுதிக்கு வெள்ளியையே கொண்டுவந்து கொடுத்தது. அவ்வெள்ளி நேரே நெசவாளனிடம் சென்றுவிடவில்லை. முதலில் அது நாணயமாக அச்சிடப்படவேண்டும். மூர்ஷிதாபாத்தின் நாணயச் சாலையிலே செல்வாக்குப் பெற்றிருந்தது ஜகத் சேட் என்னும் பட்டம் பூண்ட வட்டிக்கடைக் குடும்பம். கம்பனியின் வெள்ளியை அக்குடும்பம் வாங்கியது. கப்பல் வரத் தாமதித்தபோது கம்பனிக்குக் கடனும் கொடுத்தது. நவாபின் வரிப்பணத்தை டில்லிக்கு அனுப்பும் உண்டியல்களையும் அதுவே எழுதியது. இவ்வாறு நவாபின் கருவூலமும், வட்டிக்கடையும், அந்நியக் கம்பனியின் பண்டகசாலையும் ஒரே பணவோட்டத்தில் இணைந்துவிட்டன. வெளியிலிருந்து தாக்கிய மராட்டியர் இவ்விணைப்புக்குப் புறம்பானவர்கள். கம்பனியோ உள்ளே இருந்தது.

இனி, போர் மூண்டதன் காரணத்தை நோக்குவோம். 1717இல் பாரூக்சியார் சக்கரவர்த்தி வழங்கிய பர்மான் ஒன்றினால், ஆண்டுக்கு 3,000 ரூபா செலுத்திச் சுங்கத் தீர்வையின்றி வங்காளத்தில் வர்த்தகஞ் செய்யும் உரிமை கம்பனிக்குக் கிட்டியது. சரக்கு கம்பனியினுடையது எனச் சான்றுபகரும் சீட்டுக்குத் தஸ்தக் என்று பெயர். அச்சீட்டு உள்ள படகைச் சுங்கச்சாவடி நிறுத்துவதில்லை. கம்பனியின் இளநிலை எழுத்தர் ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 5 பவுண் மாத்திரமே. அத்தகையோர் கடல்கடந்து வந்தது சம்பளத்துக்காக அன்று. தம் சொந்த வியாபாரத்துக்காகவே வந்தனர். கம்பனிக்கு வழங்கப்பட்ட தஸ்தக்கின் நிழலிலே அவர்கள் தம் சொந்தச் சரக்கையும் தீர்வையின்றிக் கடத்தினர். சுதேச வணிகர்க்கும் சீட்டை விற்றனர். நவாபின் வருமானம் குறைந்தது; நேர்மையாகத் தீர்வை செலுத்திய வணிகன் நட்டமடைந்தான். 1756இல் சிராஜ் உத் தௌலா கல்கத்தாவின்மீது படையெடுத்தபோது அவர் முன்வைத்த குற்றச்சாட்டுகளுள் ஒன்று இத்தஸ்தக் மோசடி. அனுமதியின்றிக் கோட்டையைப் பலப்படுத்தியது மற்றொன்று. தன் அரசிலிருந்து தப்பியோடியவருக்கு அடைக்கலம் கொடுத்தது பிறிதொன்று. சுங்கச்சாவடியில் தொடங்கிய பிணக்கே போர்க்களத்தை அடைந்தது.

பிளாசிக்கு வருவோம். கம்பனியின் படை ஏறத்தாழ 3,000 பேர். அதன் பக்கத்தில் அன்று இறந்தோர் 25 பேருக்கும் குறைவு. பன்மடங்கு பெரிய நவாபின் சேனையில் மீர் ஜாபர், ராய் துர்லப், யார் லுதுப் கான் ஆகியோரின் அணிகள் நின்ற இடத்திலேயே நின்றன. ஏன் நின்றன என்பதற்கு விடை போர்க்கலை நூல்களில் இல்லை. அவ்விடை போருக்கு முன்னரே எழுதி முடிக்கப்பட்ட ஓர் ஒப்பந்தத்தில் இருக்கின்றது. மீர் ஜாபரை நவாபாக்குவதற்கான அவ்வொப்பந்தத்தை எதிரணி நண்பர்கள் தயவுசெய்து ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும். கம்பனிக்கு ஒரு கோடி ரூபா. கல்கத்தாவின் ஆங்கிலக் குடிகளுக்கு 50 இலட்சம். அங்குள்ள இந்துக்களுக்கு 20 இலட்சம். ஆர்மீனியர்க்கு 7 இலட்சம். இவை யாவும் கல்கத்தாவில் இழந்த சரக்குக்கும் சொத்துக்கும் ஈடு என்றே எழுதப்பட்டுள்ளன. வெற்றிகொண்ட தளபதி தோற்றவனுக்கு விதிக்கும் நிபந்தனையாக இது எனக்குத் தோன்றவில்லை. சரக்கு கொடுத்தவன் அனுப்பிய பட்டியலாகவே தோன்றுகின்றது. மொத்தம் ஒரு கோடியே 77 இலட்சம். ஒரு குண்டு வெடிப்பதற்கு முன்னரே கணக்குக் கூட்டப்பட்டுவிட்டது.

இச்சதியில் இடைநின்ற வணிகரான அமீர்சந்த் என்பவர் நவாபின் செல்வத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம் தமக்குத் தரவேண்டுமெனக் கேட்டார். ஓர் அரசைக் கவிழ்ப்பதற்குத் தரகுக் கூலி கேட்கப்பட்டதை அவை கவனிக்கவேண்டும். கிளைவ் இரண்டு ஒப்பந்தங்களை எழுதுவித்து, அவருடைய பெயர் காணப்பட்ட ஒன்றைப் பொய்யாக்கி ஏமாற்றியமை வேறு கதை. வெற்றிக்குப் பின்னர் மூர்ஷிதாபாத்தின் கருவூலத்தைத் திறந்தபோது வாக்களித்த தொகை அங்கே இருக்கவில்லை. அவ்வேளையிலும் எவரும் வாளை உருவவில்லை. ஜகத் சேட்டின் முன்னிலையிலே பாதியை உடனும் மீதியைத் தவணையிலும் செலுத்துவதாக உடன்பாடு செய்யப்பட்டது. பிளாசியின் முடிவை எழுதியது ஒரு வட்டிக்கடையின் கணக்கேடு.

எதிரணியினரின் வலிமைமிக்க வாதம் பிளாசி அன்று, பக்சாரே. 1764 ஒக்ரோபர் 22ஆம் நாள் அங்கே நடந்தது மெய்யான போர். கம்பனிப் படையிலேயே எண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்த போர். அங்கே ஒழுங்குபடுத்தப்பட்ட காலாட்படையே வென்றது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்போர் எதற்காக? மீர் ஜாபரால் கடனைத் தீர்க்க முடியாமற்போகவே, 1760இல் அவரை நீக்கி மீர் காசிமைக் கம்பனி நவாபாக்கியது. இவர் திறமையாளர். உள்நாட்டில் உப்பு, புகையிலை, பாக்கு ஆகியவற்றின் வியாபாரத்திலே ஆங்கிலேயர் தீர்வையின்றி நுழைந்திருந்தமையைத் தடுக்க முனைந்தார். ஆங்கிலத் தனிவியாபாரிகள் நூற்றுக்கு 9 வீதம் தீர்வை செலுத்துவதென ஆளுநர் வன்சிற்றாட்டுடன் ஓர் உடன்பாடும் செய்தார். சுதேச வணிகர் செலுத்தியது அதனிலும் மிக அதிகம். கல்கத்தாவின் ஆலோசனைச் சபையோ அவ்வுடன்பாட்டைத் தள்ளிவிட்டது. உப்புக்கு மட்டும் இரண்டரை வீதம் தருவோம் என்றது.

மீர் காசிம் அப்பொழுது செய்தது மிகக் கூர்மையான செயல். 1763இல் அவர் சுங்கத் தீர்வையை எல்லோருக்கும் நீக்கிவிட்டார். தம் வருமானத்தைத் தாமே இழந்து, சுதேச வணிகனையும் ஆங்கிலேயனையும் ஒரே நிலையில் நிறுத்தினார். ஆங்கிலேயர் கேட்டது தீர்வையற்ற வர்த்தகம்தானே? அது அவர்களுக்கு முழுமையாகவே கிடைத்துவிட்டது. ஆனால் அதனைச் சபை பகைமைச் செயலாகக் கொண்டது, போர் மூண்டது. நண்பர்களே, தமக்கு வரி விதிக்கப்பட்டது என்பதற்காக அவர்கள் போரிடவில்லை. பிறருக்கு வரி நீக்கப்பட்டது என்பதற்காகப் போரிட்டனர். நாட்டைப் பிடிக்கும் வேட்கை இவ்வாறு நடந்துகொள்ளாது. போட்டியின்றி விற்கும் வேட்கையே இவ்வாறு நடந்துகொள்ளும். பக்சாரின் பீரங்கிகளை அக்களத்திற்கு இழுத்துச் சென்றவை உப்பு மூட்டைகளும் பாக்கு மூட்டைகளுமே.

வென்றவன் வெற்றியைக்கொண்டு என்ன செய்தான் என்பதே இறுதிச் சோதனை. பக்சாரின் பின்னர் மொகலாயச் சக்கரவர்த்தி ஷா ஆலமும் அயோத்தி நவாபும் தோற்றுக் கிடந்தனர். நிலத்தை விழுங்குவதே நோக்கமாயின் கிளைவ் அயோத்தியை இணைத்திருக்கலாம், டில்லிக்கே சென்றிருக்கலாம். அவர் அயோத்தியைப் பணத்துக்கு அதன் நவாபிடமே பெரும்பாலும் திருப்பிக் கொடுத்தார். 1765 ஓகஸ்டில் சக்கரவர்த்தியிடமிருந்து அவர் பெற்றுக்கொண்டது வங்காளம், பீகார், ஒரிசா ஆகியவற்றின் திவானி. அதாவது நிலவரி திரட்டும் உரிமை. அதற்காகச் சக்கரவர்த்திக்கு ஆண்டுக்கு 26 இலட்சம் ரூபா தருவதாகவும் ஒத்துக்கொண்டார். நீதியும் காவலும் பெயரளவில் நவாபிடமே விடப்பட்டன. ஆட்சியின் சுமையை விலக்கி அதன் வருமானத்தை மட்டும் பிரித்தெடுத்த இவ்வமைப்பை எந்தப் போர்வீரன் சிந்தித்திருப்பான்?

அவ்வரிப் பணம் எங்கே சென்றது? ஒரு பகுதி படைக்கும் நிருவாகத்துக்கும் செலவாயிற்று. மற்றொரு பகுதியைக் கொண்டு கம்பனி வங்காளத்தின் துணியையும் பட்டையும் வாங்கி இலண்டனுக்கு அனுப்பியது. இக்கொள்முதலுக்குக் கம்பனியின் கணக்கேடுகள் சூட்டிய பெயர் ‘முதலீடு’ என்பதாகும். இங்கிலாந்திலிருந்து வெள்ளி கொண்டுவரவேண்டிய தேவை நீங்கிற்று. வங்காளத்துக் குடியானவன் செலுத்திய வரியே வங்காளத்து நெசவாளனின் துணிக்கு விலையாயிற்று. நாடு தன் பொருளைத் தன் பணத்தினாலேயே வாங்கி அந்நியனுக்கு அனுப்பியது. நெசவாளனோ குமாஸ்தா என்னும் கம்பனி முகவரிடம் முற்பணம் பெற்று, அவர் குறித்த விலைக்கே நெய்ய வேண்டியவனானான். வேறு வணிகருக்கு விற்கும் வழி அடைபட்டது. இஃது ஓர் அரசு வர்த்தகத்தை நடத்திய கதையன்று. ஒரு வர்த்தகம் அரசை விலைக்கு வாங்கி, அதனைத் தன் கிளைக் கடையாக நடத்திய கதை.

பின்னர் மைசூரிலும் மராட்டிய நாட்டிலும் பெரும்படைகள் சென்றன என்பர் எதிரணியினர். சென்றன. அப்படைகளுக்குச் சம்பளம் கொடுத்ததில் வங்காளத்தின் வரிக்கும் வட்டிக்கடைகளின் கடனுக்கும் பெரும்பங்கு இருந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகின்றேன். அதேபோல, 1795இல் திருகோணமலை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றப்பட்டதை ஒருவர் குறிப்பிட்டார். அது பிரான்சுடன் நடந்த போரின் விளைவு, கறுவாவை நாடிச் செய்ததன்று என்பது சரியே. ஆனால் அத்துறைமுகம் எதற்குத் தேவைப்பட்டது? வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையிலே கப்பல்கள் ஒதுங்குவதற்குத் தகுந்த துறை கிடையாது. அக்காலத்திலும் வங்காள விரிகுடாவில் நின்று காவல்புரியும் கடற்படைக்குத் திருகோணமலை வேண்டியிருந்தது. அக்கடற்படை காத்தது எதனை? கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் சென்றுவந்த சரக்குக் கப்பல்களை. நம் தீவின் துறைமுகத்துக்குக்கூட அக்கடைக் கணக்கிலே ஓர் இடம் இருந்தது.

இறுதியாக ஒன்று. இவ்விவாதத்திலே எவர் வெல்கின்றார் என்பது வகுப்போடு முடிந்துவிடும். ஆனால் பிளாசியைப் படைவெற்றி என்று கொள்வோமாயின், அதன் தோல்விக்கு மீர் ஜாபர் என்னும் ஒரு தளபதியின் துரோகமே காரணம் என்னும் எளிய கதையையும் உடன் ஏற்கவேண்டிவரும். ஒருவன் துரோகி, அவன் இல்லாதிருந்தால் நாடு தப்பியிருக்கும், ஏனையோர் குற்றமற்றவர். இக்கதை மனத்துக்கு ஆறுதல் தருகின்றது, ஆனால் பொய்யானது. மீர் ஜாபர் இல்லாவிடினும் வேறொருவர் அகப்பட்டிருப்பார். சதிகாரர் முதலிலே யார் லுதுப் கானைத்தான் எண்ணியிருந்தனர். அந்நியனின் வெள்ளி நின்றுவிட்டால் தம் தொழில் என்னாகும் என்று அஞ்சிய வட்டிக்கடைகளும், அந்நியனின் சீட்டை விலைக்கு வாங்கிய வணிகரும், அவற்றைச் சார்ந்து நின்ற அரசவையும் அந்நாட்டில் முன்னரே உருவாகியிருந்தன. துரோகியை இனங்காண்பது எளிது. தனக்கு இலாபம் தரும் ஒன்றை எதிர்க்க முடியாத நிலைக்கு ஒரு சமூகத்தின் மேல்தட்டு வந்துசேர்ந்தமையை இனங்காண்பதே வரலாற்று மாணவனின் கடமை.

1686இல் வாள் தனியே வந்தது; தண்டம் செலுத்தித் திரும்பியது. 1757இல் துலாக்கோலின் பின்னே நடந்து வந்தது, அரசைப் பெற்றது. இரண்டு ஆண்டுகளிலும் வாள் இருந்தது. வேறுபாட்டைச் செய்தது எது என்பதை அவையே தீர்மானிக்கட்டும்.